சீன நாளிதழின் முதல் செய்தி: பட்டியலில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

சீன மொழித் திறனை அளக்கும் எச்.எஸ்.கே. தேர்வு 2010இல் ஆறு நிலைகளாக மாற்றி அமைக்கப்பட்டது. அந்த அமைப்பில் ஐந்தாம் நிலைக்கு 2,500 சொற்கள் என்று வரையறுக்கப்பட்டது. அந்த நிலையை எட்டியவர் சீன நாளிதழ்களையும் இதழ்களையும் படிக்க முடியும் என்று தேர்வின் விளக்கக் குறிப்பு சொல்கிறது. அதை நம்பி, நான்காம் நிலையை முடித்துவிட்டு ஐந்தாம் நிலைக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒருவர் பெய்ஜிங்கிலிருந்து வரும் 'ரென்மின் ரிபாவோ' நாளிதழை ஒரு நாள் திறக்கிறார். முதல் பத்தியைத் தாண்டவே அரை மணி நேரம் ஆகிறது. தெரியாத சொல் ஒவ்வொன்றையும் அகராதியில் தேடி நோட்டில் எழுதிக்கொள்கிறார். ஒன்றரைப் பக்கம் நிறைந்துவிடுகிறது. செய்தி என்ன சொல்கிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. ஒரு வாரம் கழித்து நோட்டைப் புரட்டினால் அந்தச் சொற்களும் நினைவில் இல்லை.

இவருடைய உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தெரியாத எல்லாச் சொற்களையும் ஒரே தட்டில் வைத்ததுதான் சிக்கல். ஒரு சிறிய செய்தியில் தெரியாத சொற்கள் பல வகையாக இருக்கும். சிலவற்றை நோட்டில் ஏற்ற வேண்டும், சிலவற்றை ஊகித்துவிட்டு நகர வேண்டும், சிலவற்றைக் கண்டுகொள்ளாமலே விட வேண்டும். எதை விடுவது என்று தெரிந்தால்தான் பட்டியல் பயன்படும்.

பாடநூல் சீனம் வேறு, நாளிதழ் சீனம் வேறு

தமிழில் பேச்சும் எழுத்தும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பேச்சுத் தமிழை மட்டும் கற்றுக்கொண்ட ஒரு வெளிநாட்டவர் கையில் தினசரியைக் கொடுத்தால், 'இதையடுத்து', 'எனத் தெரிவித்தார்' என்று வரும் இடங்களிலெல்லாம் நின்றுவிடுவார். சீனத்திலும் அதே கதைதான். பாடநூல்கள் பெரும்பாலும் பேச்சு நடையையே கற்பிக்கின்றன. நாளிதழோ பழைய இலக்கியச் சீனத்தின் எச்சங்களைத் தாங்கிய எழுத்து நடையில் வருகிறது. பாடநூலில் 'ஏற்கெனவே' என்பதற்கு 已经 என்று இரண்டெழுத்துச் சொல் இருக்கும். நாளிதழில் 已 என்ற ஓரெழுத்தோடு முடித்துவிடுவார்கள். 'அதனுடைய' என்பதற்குப் பாடநூலில் 它的, நாளிதழில் 其.

இதற்கு மேல் இரண்டு தடைகள் உண்டு. சீன எழுத்தில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைப் படிப்பவரே பிரித்துக்கொள்ள வேண்டும். அடுத்தது, ஆள் பெயர், ஊர்ப் பெயர் ஆகியவற்றுக்குத் தனி அடையாளம் எதுவும் இல்லை. அவையும் மற்றச் சொற்களைப் போன்ற எழுத்துகளிலேயே வரும்.

எழுத்துகள் தெரிந்தால் போதும் என்ற நினைப்பும் காலை வாரிவிடும். சீன அரசு 1988இல் வெளியிட்ட அன்றாட எழுத்துப் பட்டியலில் முதல் 2,500 எழுத்துகளைக் கற்றவர், பொதுவான ஒரு பக்கத்தில் உள்ள எழுத்துகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டை அடையாளம் காண முடியும். ஆனால் தெரிந்த இரண்டு எழுத்துகள் சேர்ந்து தெரியாத ஒரு சொல்லை உண்டாக்குவது சீனத்தில் அன்றாடம் நடப்பது. ஆகவே எண்ண வேண்டியது சொற்களை, எழுத்துகளை அல்ல.

முதல் செய்தியாக எதை எடுப்பது?

தலையங்கமும் அரசியல் கட்டுரையும் முதல் நாளுக்கு ஆகாது. அவற்றில் கட்சிக் கூட்டங்களின் சுருக்கப் பெயர்களும் நான்கெழுத்து மரபுத் தொடர்களும் அடர்ந்திருக்கும். குறுஞ்செய்தி போதும், அதுவும் நமக்கு ஏற்கெனவே விவரம் தெரிந்த துறையில் இருக்க வேண்டும்.

தமிழ் வாசகர்களுக்கு அப்படி ஒரு துறை கையிலேயே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை வந்தால் நாம் விடாமல் படிப்பது புயல் செய்தி. அதில் என்னென்ன இருக்கும் என்பது மனப்பாடம்: புயலின் பெயர், கரையைக் கடந்த இடமும் நேரமும், காற்றின் வேகம், பள்ளிகளுக்கு விடுமுறை, முகாம்களுக்கு அனுப்பப்பட்டவர்களின் எண்ணிக்கை, கரை திரும்பிய படகுகள். தென்சீனக் கடலோரச் செய்தியும் இதே வரிசையில்தான் வரும். அடுத்த வரியில் என்ன வரக்கூடும் என்று தெரிந்தவருக்குப் பாதி அகராதி தேவைப்படாது.

2018 செப்டம்பரில் குவாங்துங் மாகாணத்தைத் தாக்கிய 'மாங்குட்' புயலைப் பற்றி, சீன நாளிதழ் நடையில் நான் எழுதிய மாதிரிச் செய்தி இது. நாளிதழ் வழக்கப்படி தலைப்பில் காற்புள்ளிக்குப் பதிலாக வெற்றிடம் விட்டிருக்கிறேன்.

台风"山竹"登陆广东 逾245万人转移

今年第22号台风"山竹"于16日17时在广东台山登陆,登陆时中心附近最大风力达14级。受其影响,广东多地停课停工,列车停运。截至16日晚,全省已转移人员逾245万,近5万艘渔船回港避风。

தமிழில் இதன் சாரம்: "இந்த ஆண்டின் 22ஆவது புயலான 'மாங்குட்', 16ஆம் தேதி மாலை 5 மணிக்கு குவாங்துங்கின் தைஷானில் கரையைக் கடந்தது. அப்போது மையத்தை ஒட்டிய பகுதியில் அதிகபட்சக் காற்று 14ஆம் நிலையை எட்டியது. இதன் தாக்கத்தால் குவாங்துங்கின் பல இடங்களில் பள்ளிகளும் பணியிடங்களும் மூடப்பட்டன, ரயில்கள் நிறுத்தப்பட்டன. 16ஆம் தேதி இரவு நிலவரப்படி மாகாணம் முழுவதும் 24.5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம் மாற்றப்பட்டுள்ளனர். ஏறக்குறைய 50 ஆயிரம் மீன்பிடிப் படகுகள் துறைமுகம் திரும்பியுள்ளன."

கற்பவரிடம் இந்த மொழிபெயர்ப்பு இருக்காது. அவர் எப்படி முன்னேற வேண்டும் என்று பார்ப்போம்.

முதல் சுற்று: அகராதி வேண்டாம், பென்சில் போதும்

முதல் வேலை, எண்களைச் சுற்றி வட்டமிடுவது. 22, 16, 17, 14, 245, 5. இவற்றை ஒட்டி நிற்கும் எழுத்துகளே பாதிச் செய்தியைச் சொல்லிவிடும். 日 என்றால் தேதி, 时 என்றால் மணி, 级 என்றால் நிலை. மாதத்தின் பெயர் இல்லையே என்று தேட வேண்டாம். நடப்பு மாதமாக இருந்தால் தேதியை மட்டும் எழுதுவது சீன நாளிதழ்களின் வழக்கம்.

எண்களில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. சீனர்கள் பத்தாயிரத்தை 万 என்ற ஓர் அலகாகவும், பத்துக் கோடியை 亿 என்ற ஓர் அலகாகவும் எண்ணுகிறார்கள். மில்லியனில் சிந்திப்பவர்களுக்கு இது தலைச்சுற்றல். நமக்கோ 万 வந்தால் பத்தால் வகுத்து லட்சம் என்று படிக்கலாம்: 245万 என்பது 24.5 லட்சம். 亿 வந்தால் பத்தால் பெருக்கிக் கோடி என்று படிக்கலாம்: 14亿 என்பது 140 கோடி.

அடுத்த வேலை, பெயர்களைக் கண்டுபிடிப்பது. 山竹 மேற்கோள் குறிக்குள் இருப்பதால் பெயர் என்று தெரிந்துவிடுகிறது. 山 என்றால் மலை, 竹 என்றால் மூங்கில் என்று பிரித்துப் பொருள் தேடப் போனால் நேரம்தான் வீண். அது புயலின் பெயர். அவ்வளவு தெரிந்தால் போதும். வெளிநாட்டுப் பெயர்களுக்கு வேறொரு துப்பு இருக்கிறது. 斯, 尔, 克, 德, 尼 போன்ற எழுத்துகள் ஒலிக்காகவே அடிக்கடி எடுத்தாளப்படுபவை. பொருள் கூடாத நான்கைந்து எழுத்துகள் தொடர்ந்து வந்து, நடுவில் இவற்றில் ஒன்றிரண்டும் தென்பட்டால் அது அநேகமாக ஒலிபெயர்ப்பு. நம் மாநிலத்தின் பெயர் சீன நாளிதழில் 泰米尔纳德邦 என்று வரும். அதில் இருக்கும் 米 எல்லோருக்கும் தெரிந்த 'அரிசி' எழுத்து. அதைப் பிடித்துக்கொண்டு போனால் வேளாண்மைச் செய்தி என்று தோன்றிவிடும். கடைசியில் உள்ள 邦 மட்டும்தான் பொருளோடு நிற்கிறது: மாநிலம்.

சிங்கப்பூரின் 'லியன்ஹ ஜாவ்பாவ்' நாளிதழைப் படிப்பவர்களுக்கு இதைவிட நுட்பமான கண்ணி உண்டு. அங்கே அதிபர் தர்மன் சண்முகரத்னம் 尚达曼 என்ற மூன்றெழுத்துப் பெயரால் குறிக்கப்படுகிறார். முதலெழுத்து குடும்பப் பெயர், அடுத்த இரண்டு சொந்தப் பெயர் என்ற சீன அமைப்பிலேயே அது இருப்பதால், சீனர் ஒருவரைப் பற்றிய செய்தி என்றே புதியவர் நினைத்துக்கொள்வார். பெயருக்கு அருகில் 总统, அதாவது அதிபர் என்ற பதவிச் சொல் இருக்கிறதா என்று பார்த்தால் தெளிவு கிடைக்கும்.

இரண்டாம் சுற்று: சொற்களைப் பிரித்தல்

இப்போது சொல்லுக்குச் சொல் சாய்கோடு போட வேண்டும். நம் செய்தியில் புதியவர் சறுக்கக்கூடிய இடம் 在广东台山登陆 என்பது. 台 என்ற எழுத்துக்கு நிலையம் என்ற பொருளும் உண்டு. தொலைக்காட்சி நிலையத்தை 电视台 என்பார்கள். ஆகவே கண் 广东台 என்று நிறுத்தி, 'குவாங்துங் தொலைக்காட்சி' என்று படித்துவிடும். அப்படிப் படித்தால் 山 என்ற 'மலை' தனியே மிஞ்சுகிறது. மலை கரையேறியது என்று பொருள் வரும். அது வரக்கூடாத பொருள் என்பதால் பிரித்த இடம் பிசகு என்று உடனே தெரிந்துவிடும். ஓரெழுத்து பின்னே எடுத்து 广东 / 台山 / 登陆 என்று வெட்டினால் சரியாகிறது: மாகாணம், ஊர், வினை.

அதே வரியில் இன்னொன்று: 最大风力. 大风 என்பது பலத்த காற்றைக் குறிக்கும் வழக்கமான சொல். கண் அதைப் பிடித்துக்கொண்டால் முன்னால் 最, பின்னால் 力 என்று இரண்டு துண்டுகள் அநாதையாக நிற்கும். 最大 / 风力 என்று வெட்டினால் 'அதிகபட்சக் காற்றுவிசை' கிடைக்கிறது. ஒரு வெட்டுக்குப் பிறகு பொருந்தாத ஓரெழுத்து மிஞ்சினால், அகராதியைத் தொடும் முன் வெட்டை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். 'தெரியாத சொல்' என்று நினைத்தவற்றில் சில, தவறாகப் பிரித்த தெரிந்த சொற்களாகவே இருக்கும்.

மூன்றாம் சுற்று: அகராதியும் அதன் குழிகளும்

கைபேசியில் Pleco போன்ற அகராதிச் செயலி இருந்தால் சொல்லைத் தொட்டவுடன் ஒலியும் பொருளும் வந்துவிடும். வசதிதான். ஆனால் அது பல பொருள்களை வரிசையாகக் காட்டும்; முதலில் இருப்பதையே எழுதிக்கொள்வதுதான் பெரும்பாலோர் வழக்கம். 转移 என்று தேடினால் 'இடம் மாற்றுதல், திசைதிருப்புதல், புற்றுநோய் வேறு உறுப்புக்குப் பரவுதல்' என்று வரக்கூடும். புயல் செய்தியில் அதன் பொருள் ஒன்றே: ஆபத்தான பகுதியிலிருந்து மக்களைப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்புதல். நோட்டில் எழுத வேண்டியது அதை மட்டும்தான். மற்றப் பொருள்கள் வேறு செய்திகளில் எதிர்ப்படும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

எழுத்தெழுத்தாகத் தேடுவது அடுத்த குழி. 截至 என்பதை 截, 至 என்று தனித்தனியாகத் தேடினால் 'வெட்டு', 'வரை' என்று கிடைக்கும். சேர்த்துத் தேடினால்தான் 'இந்த நேரம் வரையிலான நிலவரப்படி' என்ற பொருள் வரும். நம் செய்திகளில் 'இன்று மாலை நிலவரப்படி' என்று எழுதுகிறோமே, அதே வேலையைத்தான் இது செய்கிறது.

பட்டியலில் ஏறும் எட்டுச் சொற்கள்

இடைநிலைக் கற்பவர் ஒருவருக்கு இந்தச் செய்தியில் பதினேழு சொற்கள் புதியவையாக இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். சில ஒன்றுக்கு மேற்பட்ட முறை வருவதால், தலைப்போடு சேர்த்து 50 சொற்கள் அளவுள்ள செய்தியில் 23 இடங்களில் அவர் தடுக்கப்படுகிறார். உதவியில்லாமல் தடங்கலின்றிப் படிக்க, நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது மொழி கற்றல் ஆய்வாளர் பால் நேஷனும் அவருடைய சக ஆய்வாளரும் 2000இல் ஆங்கிலம் கற்போரை வைத்துக் கண்ட முடிவு. அந்தக் கணக்கில் இந்தச் செய்தியில் ஒரே ஒரு சொல்தான் தெரியாமல் இருக்கலாம். ஆகவே முதல் செய்தியைச் சரளமாகப் படிக்கவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை. அது படிப்பு என்பதைவிட அகழ்வு வேலை. அகழ்ந்தவற்றில் எதை வைத்துக்கொள்வது என்பதே கேள்வி.

பதினேழில் இரண்டு பெயர்கள்: 山竹, 台山. அவை நோட்டுக்குப் போக வேண்டாம்.

ஐந்து சொற்களை ஊகித்துவிடலாம். 风力 என்பது காற்றும் விசையும். 停运 என்பதில் 停 'நிறுத்து' என்பதும், 运 'கொண்டுசெல்' என்பதும் சேர்ந்திருக்கின்றன. பக்கத்திலேயே 停课, 停工 என்று ஒரே அச்சில் வார்த்த இரண்டு சொற்கள் வழிகாட்டுகின்றன. 列车 என்பதில் 车 எல்லோருக்கும் தெரிந்த 'வண்டி'. 回港 என்பதில் 回 'திரும்பு'. 港 ஹாங்காங்கின் பெயரில் உள்ள 'துறைமுகம்'. 渔船 என்பதில் முதலெழுத்துக்குள்ளேயே மீன் ஒளிந்திருக்கிறது, இரண்டாவது கப்பல். இவற்றை அகராதியில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு விட்டுவிட வேண்டும். ஊகத்தில் கிடைத்ததை மறுபடியும் ஊகிக்கலாம். மனப்பாடம் தேவையில்லை.

இரண்டு சொற்கள் காத்திருக்கட்டும்: 艘, 避风. முதலாவது கப்பல்களை எண்ணும்போது எண்ணுக்கும் பெயருக்கும் நடுவில் வரும் அளவுச் சொல். இரண்டாவது காற்றுக்கு ஒதுங்குதல். இரண்டும் செய்தியில் ஒருமுறைதான் வருகின்றன. பென்சிலால் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும். வேறொரு செய்தியில் மறுபடியும் கண்ணில் பட்டால் அப்போது பட்டியலில் ஏற்றலாம்.

மீதி எட்டு. அவை இரண்டு குழுக்களாகப் பிரிகின்றன.

முதல் குழுவில் எந்தச் செய்தியிலும் வரக்கூடிய நடைச் சொற்கள் ஐந்து. 于 (யூ) காலத்தையும் இடத்தையும் சுட்டுவது. '16ஆம் தேதியன்று' என்பதில் உள்ள 'அன்று' போல. 达 (தா) ஓர் அளவை எட்டியதைச் சொல்வது. 逾 (யூ) அளவைத் தாண்டியதைச் சொல்வது. 截至 (ஜியேஜி) நிலவரம் எந்த நேரத்தது என்று சொல்வது. 受其影响 (ஷோ ச்சி யிங்ஷியாங்) 'அதன் தாக்கத்தால்' என்ற முழுத் தொடர். இதில் உள்ள 其 என்பதைத் தனியாக எழுதாமல் தொடரோடு எழுதுவது நல்லது. பங்குச் சந்தை, கால்பந்து, விபத்து என எந்தச் செய்தியைத் திறந்தாலும் இந்த ஐந்தில் சில நிச்சயம் இருக்கும். அதனால்தான் இவற்றுக்கு முதலிடம்.

எண்ணுக்கு முன்னால் வரும் ஓரெழுத்தைத் தவறவிட்டால் செய்தி மாறிவிடும் என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். நம் மாதிரியில் 逾245万 என்றும் 近5万 என்றும் இரண்டு எண்கள் வருகின்றன. முதலாவது 24.5 லட்சத்துக்கு மேல். இரண்டாவது 50 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. 近 என்றால் 'அருகில்' என்று பாடநூலில் படித்திருப்போம். எண்ணுக்கு முன் நின்றால் அது 'ஏறக்குறைய, ஆனால் எட்டவில்லை' என்றாகிறது. தெரிந்த எழுத்து என்பதால் கண் அதை எளிதில் தாண்டிப் போய்விடும்.

இரண்டாம் குழுவில் துறைச் சொற்கள் மூன்று: 台风 (தைஃபெங், புயல்), 登陆 (தெங்லூ, கரையைக் கடத்தல்), 转移 (ஜுவான்யி, இடம் மாற்றுதல்). மூன்றும் இந்தச் சிறு செய்திக்குள்ளேயே ஒன்றுக்கு மேற்பட்ட முறை வந்துவிட்டன. ஒரே துறையில் இன்னும் சில செய்திகள் படிக்கப் போகிறோம் என்றால் இவை திரும்பத் திரும்ப வரும்.

இந்த எட்டுச் சொற்களை அறிந்தால் 23 தடங்கல்களில் 13 நீங்கிவிடுகின்றன. பெயர்களும் ஊகச் சொற்களும் போக, உண்மையில் மிஞ்சுவது காத்திருக்கும் இரண்டு மட்டுமே. பதினேழையும் எழுதியிருந்தால் உழைப்பு இரட்டிப்பாகியிருக்கும்; பலன் அந்த அளவுக்குக் கூடியிருக்காது.

நோட்டில் எப்படி எழுதுவது?

'登陆 = கரையைக் கடத்தல்' என்று இடப்புறம் சீனம், வலப்புறம் தமிழ் என எழுதும் பட்டியல் விரைவில் மறந்துபோகும். சொல் எந்தச் சூழலில் வந்தது என்பது அதில் இல்லை. அதற்குப் பதிலாகச் செய்தியிலிருந்தே ஒரு துண்டை அப்படியே எடுத்து எழுத வேண்டும்: 于16日17时在广东台山登陆. இந்த ஒரு துண்டில் 于, 登陆 என்ற இரண்டு சொற்களும் அவற்றின் இடத்தில் இருக்கின்றன. அடுத்த துண்டு 全省已转移人员逾245万. இதில் மேலும் இரண்டு. எட்டுச் சொற்களுக்கும் நான்கைந்து துண்டுகள் போதும்.

ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் மூன்று விவரங்கள் வேண்டும்: அடிக்கோடிட்ட சொல்லின் ஒலி, தொனிக் குறியோடு, இந்த இடத்தில் அதன் பொருள், செய்தி எதைப் பற்றியது என்று ஒரு சொல். ஒலியைத் தமிழ் எழுத்தில் மட்டும் எழுதி வைத்தால் ஏமாற்றம் வரும். மேலே நான் 于, 逾 இரண்டையும் 'யூ' என்றே எழுதியிருக்கிறேன். அவை இரண்டும் ஒரே தொனி என்பதால் தப்பித்தது. 'மழை' என்ற பொருள் தரும் 雨 எழுத்தையும் தமிழில் 'யூ' என்றுதான் எழுத முடியும். அதன் தொனியோ வேறு. ஆகவே ரோமன் எழுத்தில் தொனிக்கோடு போட்டு எழுதும் பின்யின் முறையைப் பின்பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தாள் அட்டைகளிலும் எழுதலாம். Anki போன்ற மறுபார்வைச் செயலியிலும் ஏற்றலாம். செயலியில் ஓர் எச்சரிக்கை. அது ஆரம்ப அமைப்பிலேயே ஒரு நாளைக்கு 20 புதிய அட்டைகளை அனுமதிக்கும். 20 என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு அட்டையும் மறுநாள், சில நாள் கழித்து, பிறகு சில வாரம் கழித்து என்று திரும்பி வரும். சில வாரங்களில் தினசரி மறுபார்வை நூறைத் தாண்டிவிடும். அப்புறம் செய்தி படிக்க நேரம் இருக்காது. பழைய அட்டைகளோடு மல்லுக்கட்டவே நேரம் போய்விடும். இந்த எண்ணைச் செயலியின் அமைப்பில் எட்டு அல்லது பத்தாகக் குறைத்துவிட்டால் ஒரு நாளுக்கு ஒரு செய்தி என்ற கணக்குக்குப் பொருந்திவரும்.

சொல் உண்மையிலேயே பதிந்ததா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. அட்டையைப் பார்க்காமல், கைபேசியில் சொல்லைத் தட்டச்சு செய்து பார்க்க வேண்டும். denglu என்று அடித்தால் விசைப்பலகை 登陆, 登录 என்ற இரண்டையும் முன்வைக்கும். ஒலியும் தொனியும் இரண்டுக்கும் ஒன்றுதான். இரண்டாவது, செயலிகளில் கணக்குக்குள் நுழைவதற்கான சொல். கைபேசியில் தினமும் கண்ணில் படுவது. புயலுக்கு எது என்று தயங்காமல் தேர்ந்தெடுக்க முடிந்தால் எழுத்தும் பதிந்துவிட்டது என்று பொருள். தயங்கினால் 陆 என்பது 'நிலம்' என்று நினைவூட்டிக்கொண்டு அட்டையை மறுநாளுக்குத் தள்ள வேண்டும்.

இரண்டாம் செய்தி முதல் செய்தியின் உறவாக இருக்கட்டும்

முதல் செய்தி புயல், இரண்டாவது வாகன ஏற்றுமதி, மூன்றாவது பாண்டா என்று தாவினால் துறைச் சொற்கள் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கும். காத்திருக்கும் சொற்களுக்குத் திரும்பி வரும் வாய்ப்பே இராது. அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் 1981லேயே 'குறுகிய பரப்பில் படித்தல்' என்ற முறையைப் பரிந்துரைத்தார். ஒரே துறையில் அல்லது ஒரே எழுத்தாளரிடம் தங்கிப் படிப்பதுதான் அது.

நம் வழக்கில் அதைச் செய்வது எளிது. 2023 செப்டம்பரில் 苏拉 புயல் குவாங்துங்கின் ஜூஹாய் நகரப் பகுதியில் கரையைக் கடந்தது. 2024 செப்டம்பரில் 摩羯 புயல் ஹைனான் தீவின் வென்சாங்கில் கரையைக் கடந்தது. இந்தப் பெயர்களோடு 台风, 登陆 என்ற சொற்களையும் சேர்த்துத் தேடினால், நம் மாதிரியின் அச்சிலேயே வார்த்த செய்திகள் எவ்வளவோ கிடைக்கும். மாறுவது பெயரும் ஊரும் எண்ணும்தான். 艘 அவற்றில் ஏதாவது ஒன்றில் மறுபடியும் வரும். அப்போது பென்சில் புள்ளியை அழித்துவிட்டு அட்டை எழுதலாம். 预警 (முன்னெச்சரிக்கை), 暴雨 (பெருமழை) போன்ற புதியவையும் வந்து சேரும். சீன வானிலைத் துறை 24 மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் 暴雨 என்கிறது. 100ஐ எட்டினால் முன்னால் 大 சேர்ந்து 大暴雨 ஆகிவிடும். ஆகவே இந்த 大 வெறும் அலங்காரம் இல்லை, ஓர் அளவு.

ஒன்றைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். சீனா, சிங்கப்பூர், மலேசிய நாளிதழ்களில் பெரும்பாலும் எளிதாக்கிய எழுத்துகள். ஹாங்காங், தைவான் நாளிதழ்களில் பழைய முழு எழுத்துகள். அங்கே இதே புயல் 颱風 என்று வரும். வெளிநாட்டுப் பெயர்களின் ஒலிபெயர்ப்பும் இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவின் டிரம்ப் பெய்ஜிங்கில் 特朗普, தைபேயில் 川普. முதல் சில மாதங்களுக்கு இரண்டையும் கலக்காமல் ஒரு பக்கமே நிற்பது நல்லது.

பலன் தெரிகிறதா என்று பார்ப்பது எப்படி?

பட்டியலின் நீளம் முன்னேற்றத்தின் அளவாகாது. ஒவ்வொரு புதிய செய்தியிலும் முதல் நூறு எழுத்துகளை எடுத்துக்கொண்டு, அகராதி பார்க்காமல் எத்தனை இடத்தில் தடுக்கப்படுகிறோம் என்று எண்ணி ஓரத்தில் குறித்து வைக்க வேண்டும். ஒரே துறையில் தொடர்ந்து படித்தால் ஐந்தாறு செய்திகளுக்குள் அந்த எண் தெளிவாகக் குறைய வேண்டும். குறையவில்லை என்றால், தடுக்கும் சொற்கள் எந்த வகையைச் சேர்ந்தவை என்று பார்க்க வேண்டும். பெயர்களே அதிகம் என்றால் கவலையில்லை. நடைச் சொற்கள் திரும்பத் திரும்பத் தடுக்கின்றன என்றால் அட்டைகளில் கோளாறு இருக்கிறது. துண்டுகளை மாற்றி எழுத வேண்டும். எல்லா வகையும் கலந்து அதிகமாக இருந்தால் செய்தி நம் நிலைக்கு மேலானது. அதை மூடி வைத்துவிட்டு இன்னும் குறுகிய செய்திக்குப் போக வேண்டும்.

இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. புயல் செய்தியில் சரளம் வந்தவர் மறுநாள் பொருளாதாரப் பக்கத்தைத் திறந்தால் துறைச் சொற்கள் மறுபடியும் புதியவையாக இருக்கும். ஆனால் 于, 达, 逾, 截至 எல்லாம் அங்கேயும் இருக்கும். 台风 இருந்த இடத்தில் 出口 (ஏற்றுமதி) வரும், 14级 இருந்த இடத்தில் 14% வரும், வாக்கியம் அதேதான். ஆகவே துறை மாறும்போது புயல் அட்டைகளை ஒதுக்கி வைத்துவிடலாம். நடைச் சொற்களின் அட்டைகளை மட்டும் கையோடு எடுத்துப் போக வேண்டும்.